ஓடிக்கொண்டிருக்கும் டேபிளை மாற்றுவது எப்படி?

2018 நவம்பர் 8 அன்று பேஸ்கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் ஏறக்குறைய 5 மணி நேரம் பாதி முடங்கிக் கிடந்தது. அலுவலக வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ள அதை நம்பியிருந்தவர்களால் பழைய கோப்புகளைத் திறந்து படிக்க முடிந்தது. புதிதாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை. யாரும் ஊடுருவவில்லை, மின்சாரமும் போகவில்லை. டேட்டாபேஸில் ஓர் எண் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

பேஸ்கேம்ப்பில் யார் எதைச் செய்தாலும் அது மையமான ஒரு டேபிளில் ஒரு பதிவாக ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 4 பைட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647, அதாவது சுமார் 214 கோடியே 75 லட்சம். அன்று காலை அந்த எண்ணை எட்டியதும், அடுத்த பதிவுக்குக் கொடுக்க எண் இல்லை. எண்ணின் இடத்தை 8 பைட்டாகப் பெருக்கினால் பிரச்சினை தீரும். 92 ஆயிரம் கோடி கோடி வரை எண்ணலாம். ஆனால் அந்த மாற்றம் முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஒரு நெடுவரிசையின் வகையை மாற்றுவது ஒரே ஒரு கட்டளைதானே, அதற்கு ஏன் மணிக்கணக்கு? டேபிளில் ஒவ்வொரு பதிவும் வட்டில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. 4 பைட் இருந்த இடத்தில் 8 பைட் வைக்க வேண்டுமானால் எல்லாப் பதிவுகளையும் திரும்ப எழுதியாக வேண்டும். உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் டேட்டாபேஸ்களில் ஒன்றான மைஎஸ்க்யூஎல், வகையை மாற்றச் சொன்னால் பின்னணியில் முழு டேபிளையும் நகலெடுக்கிறது. அந்த நேரம் முழுக்கப் படிக்கலாம், எழுத முடியாது.

எண் தீர்ந்த பிறகு இதைச் செய்தால் தளம் நிற்கத்தான் செய்யும். தீர்வதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல் செய்து முடிக்க ஒரு வழி இருக்கிறது. புது டேபிளைப் பக்கத்தில் கட்டி, பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதில் நிரப்பி, கடைசியில் இரண்டின் பெயரையும் ஒரே அசைவில் மாற்றிவிடுவது. பெரிய தளங்கள் பலவும் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் டேபிள்களை மாற்றுகின்றன.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் `bookings` டேபிளில் வரிசை எண் 190 கோடியைத் தாண்டிவிட்டது. இன்னும் சில மாதங்களில் 214 கோடியைத் தொட்டுவிடும். முதல் வேலை, அதே அமைப்பில் காலி டேபிள் ஒன்றைக் கட்டி, அதில் மட்டும் எண்ணின் வகையை மாற்றுவது.

```sql
CREATE TABLE bookings_new LIKE bookings;
ALTER TABLE bookings_new
  MODIFY id BIGINT NOT NULL AUTO_INCREMENT;
```

காலி டேபிள் என்பதால் இரண்டும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இங்கேயே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். `LIKE` என்று சொன்னால் நெடுவரிசைகளும் இண்டெக்ஸ்களும் புது டேபிளுக்கு வருகின்றன. பழைய டேபிளில் கட்டியிருந்த டிரிக்கர்களும், வேறு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீகளும் வருவதில்லை. இவை இல்லாமலேயே புது டேபிளைப் பதவியில் உட்கார வைத்துவிட்டால், தவறான தரவு ஏறத் தொடங்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

அடுத்து நிரப்புவது. 190 கோடிப் பதிவுகளை ஒரே கட்டளையில் நகலெடுத்தால் சர்வர் திணறும். அதனால் ஆயிரம் ஆயிரமாக எடுக்கிறார்கள். இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட இரண்டு பிரபலமான கருவிகள், பெர்கோனா நிறுவனத்தின் `pt-online-schema-change`, கிட்ஹப் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட `gh-ost`. இரண்டுமே ஆயிரத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு தவணை முடிந்ததும் சர்வரின் சுமையைப் பார்த்து, கனமாக இருந்தால் சற்று நின்று, பிறகு அடுத்த ஆயிரம். இப்படி மெதுவாகப் போனால் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். ஆகட்டும், தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் தளம் ஓடுகிறது என்பதே சிக்கலும்கூட. நகலெடுக்கும் அந்த நாட்களில் புது முன்பதிவுகள் வந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே நகலெடுத்த ஒரு டிக்கெட்டை யாரோ ரத்து செய்வார். அந்த மாற்றமும் புது டேபிளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பெர்கோனா கருவி இதற்கு டிரிக்கரைப் பயன்படுத்துகிறது. பழைய டேபிளில் ஒரு பதிவு சேர்ந்தாலோ, மாறினாலோ, நீங்கினாலோ, அதே கணத்தில் புது டேபிளிலும் அதே மாற்றம் நடக்கும்படி மூன்று டிரிக்கர்களைக் கட்டிவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டிரிக்கர் `REPLACE` என்று எழுதுகிறது; நகலெடுக்கும் வேலை `INSERT IGNORE` என்று எழுதுகிறது. ஒரே பதிவை இரண்டும் தொட நேர்ந்தால், டிரிக்கர் கொண்டுவருவது எப்போதும் புதிய செய்தி, எனவே அது இருப்பதை மேலெழுதலாம். நகலெடுப்பு கொண்டுவருவது பழைய செய்தியாக இருக்கக்கூடும், எனவே அங்கே ஏற்கெனவே பதிவு இருந்தால் பேசாமல் விலகிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு சொற்களை மாற்றிப் போட்டால், ரத்தான டிக்கெட் மறுபடியும் உயிர்பெற்று நிற்கும்.

இப்போது புது டேபிள் நிரம்பிவிட்டது. பழையதோடு ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகிறது. மிச்சம் இருப்பது பெயர் மாற்றம் மட்டும்.

```sql
RENAME TABLE bookings TO bookings_old,
             bookings_new TO bookings;
```

இந்தக் கட்டளையின் உயிர் நடுவில் இருக்கும் காற்புள்ளியில் இருக்கிறது. இதையே இரண்டு தனிக் கட்டளைகளாக எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்தால் அது புரியும். முதல் கட்டளை முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் `bookings` என்ற பெயரில் எந்த டேபிளும் இல்லை. மில்லிநொடிக் கணக்குதான் என்றாலும், நொடிக்கு ஆயிரக்கணக்கில் கேள்விகள் வரும் தளத்தில் அதற்குள் சில டஜன் பேர் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குக் கிடைப்பது இதுதான்:

```
ERROR 1146 (42S02): Table 'shop.bookings' doesn't exist
```

காற்புள்ளியோடு ஒரே கட்டளையாக எழுதினால் மைஎஸ்க்யூஎல் முதலில் இரண்டு டேபிள்களையும் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. பிறகு இடமிருந்து வலமாகப் பெயர்களை மாற்றுகிறது. முடித்த பிறகே பிடியை விடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இடைநிலை என்று ஒன்று கண்ணில் படாது. மாற்றத்துக்கு முன்னால் வந்தவர் பழைய டேபிளைப் பார்ப்பார், பின்னால் வந்தவர் புதியதைப் பார்ப்பார், நடுவில் வந்தவர் ஒரு கணம் காத்திருந்து புதியதைப் பார்ப்பார். இரண்டாவது மாற்றம் ஏதோ காரணத்தால் தோற்றால் முதலாவதும் நடக்காது. பிளவுபடாத செயல் என்ற பொருளில்தான் இதை அணுச்செயல் என்கிறார்கள். புழக்கத்தில் எல்லோரும் சொல்வது அடாமிக் ரீநேம்.

அடாமிக் என்பதில் இரண்டு உறுதிமொழிகள் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. மற்றவர்களின் பார்வைக்கு இடைநிலை தெரியாது என்பது ஒன்று. நடுவில் சர்வரே விழுந்துவிட்டாலும் பாதி மாறிய நிலை மிஞ்சாது என்பது இன்னொன்று. முதலாவதை மைஎஸ்க்யூஎல் பல காலமாகத் தந்துவருகிறது. இரண்டாவது 2018 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன் டேபிளின் விவரங்கள் தனித்தனிக் கோப்புகளில் இருந்தன. ஒரு கோப்பின் பெயர் மாறி அடுத்தது மாறுவதற்குள் சர்வர் விழுந்தால், எழுந்து வரும்போது அரைகுறை நிலை காத்திருக்க வாய்ப்பு இருந்தது. 8.0-இல் அந்த விவரங்கள் எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே, விழுந்தாலும் மீளக்கூடிய டேபிள்களில் வைக்கப்பட்டன.

பெயர் மாற்றம் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது? 190 கோடிப் பதிவுகளில் ஒன்றைக்கூட அது தொடுவதில்லை. இரண்டு வீடுகளின் கதவு எண் பலகையைக் கழற்றி மாட்டுவது போன்ற வேலை. வீட்டுக்குள் இருக்கும் சாமான் எதுவும் நகர்வதில்லை. ஆயிரம் பதிவுள்ள டேபிளுக்கும் நூறு கோடிப் பதிவுள்ள டேபிளுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகும்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? மாற்றத்தில் இல்லை, மாற்றம் தொடங்குவதற்கு முந்தைய காத்திருப்பில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அறிய வேண்டியவற்றுள் முதலிடம் இதற்குத்தான் தர வேண்டும்.

ஒரு டேபிளை யாராவது படித்துக்கொண்டிருக்கும்போது அதன் பெயரை மாற்றக் கூடாது அல்லவா? அதற்காக மைஎஸ்க்யூஎல், டேபிளைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய பூட்டைத் தருகிறது. மெட்டாடேட்டா லாக் என்பது அதன் பெயர். படிப்பவர், எழுதுபவர் எத்தனை பேரானாலும் இந்தப் பூட்டைச் சேர்ந்து வைத்திருக்கலாம். பெயர் மாற்றுபவருக்கு மட்டும் டேபிள் தனியாக வேண்டும். அதனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் எல்லோரும் வெளியே வரும்வரை அவர் நிற்கிறார்.

கணக்குப் பிரிவில் ஒருவர் மாத அறிக்கைக்காக `bookings` மீது பெரிய கேள்வி ஒன்றைப் போட்டிருக்கிறார், அது ஓடி முடிய 20 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். அந்த நேரத்தில் பெயர் மாற்றக் கட்டளையைக் கொடுத்தால் அது 20 நிமிடம் காத்திருக்கும். காத்திருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று தோன்றலாம். கெடுவது அதன் பின்னால் வருபவர்களுக்கு. பெயர் மாற்றம் வரிசையில் நிற்கத் தொடங்கியதும், அதற்குப் பிறகு வரும் எல்லாக் கேள்விகளும் அதன் பின்னால் நிறுத்தப்படுகின்றன. ஒரு சாதாரண டிக்கெட் தேடல்கூட உள்ளே போக முடியாது. இல்லையென்றால் புதிது புதிதாக ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருப்பார்கள், பெயர் மாற்றத்துக்கு முறை வரவே வராது. அதனால்தான் இந்த ஏற்பாடு. விளைவு, ஒரே நிமிடத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் தேங்கி, சர்வரின் இணைப்பு வரம்பு தீர்ந்து, தளம் முழுவதும் நின்றுபோகிறது. பூட்டை வைத்திருப்பவர் அறிக்கைக்காரர். ஆனால் திரையில் நிற்பதாகத் தெரிவது எல்லோரும்.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. `SHOW PROCESSLIST` என்று அடித்தால், வரிசை வரிசையாக `Waiting for table metadata lock` என்று எழுதியிருக்கும். பூட்டை உண்மையில் யார் வைத்திருக்கிறார் என்பதை `sys.schema_table_lock_waits` என்ற காட்சி சொல்லிவிடும். அந்த இணைப்பை நிறுத்துவதற்கான கட்டளையைக்கூட அதுவே ஒரு நெடுவரிசையில் எழுதிக் கொடுக்கிறது. ஓடும் கேள்விதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவர் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, டேபிளை ஒருமுறை படித்துவிட்டு, `COMMIT` சொல்லாமல் தேநீர் குடிக்கப் போயிருந்தாலும் அவர் கையில் பூட்டு இருக்கும். பட்டியலில் அவர் இணைப்பு `Sleep` என்று அமைதியாகத் தெரியும். தேடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இவரைத்தான்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை `lock_wait_timeout` என்ற அமைப்பு முடிவு செய்கிறது. மைஎஸ்க்யூஎல் தானாக வைத்திருக்கும் மதிப்பு 31536000 நொடி, அதாவது சரியாக ஒரு வருடம். யாரும் மாற்றாவிட்டால் பெயர் மாற்றக் கட்டளை ஒரு வருடம் வரை, தளத்தைப் பின்னால் நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்கத் தயார். இதே சாயலில் `innodb_lock_wait_timeout` என்று இன்னொன்று இருக்கிறது; அதன் மதிப்பு 50 நொடி. அது பதிவுகளின் பூட்டுக்கானது, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 50 நொடியில் விட்டுவிடும் என்று நம்பி இருப்பவர் ஏமாறுவார். செய்ய வேண்டியது இது:

```sql
SET SESSION lock_wait_timeout = 3;
RENAME TABLE bookings TO bookings_old,
             bookings_new TO bookings;
```

மூன்று நொடிக்குள் பூட்டு கிடைக்கவில்லை என்றால் 1205 என்ற பிழை எண்ணோடு கட்டளை விலகிக்கொள்ளும். பின்னால் நின்றவர்கள் மூன்று நொடித் தாமதத்தோடு உள்ளே போய்விடுவார்கள். எதுவும் மாறவில்லை, எதுவும் கெடவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். பத்து முறை முயன்றாலும் பரவாயில்லை.

டிரிக்கர் வழியில் இவ்வளவுதான். கிட்ஹப்பின் `gh-ost` வேறு வழியில் போனது, அதனால் கடைசிக் கட்டத்தில் வேறொரு சிக்கலைச் சந்தித்தது. டிரிக்கர்கள் ஒவ்வொரு எழுத்தின் மீதும் சுமையை ஏற்றுகின்றன, வேலை நடுவே நிறுத்தவும் முடியாது என்பதால் அந்தக் குழு டிரிக்கரே வேண்டாம் என்று முடிவு செய்தது. மைஎஸ்க்யூஎல் தன் மாற்றங்களை எல்லாம் பைனரி லாக் என்ற பதிவேட்டில் எழுதிவைக்கிறது. `gh-ost` அந்தப் பதிவேட்டைப் படித்து, நடந்த மாற்றங்களைப் புது டேபிளில் செய்துகொண்டே வருகிறது. படித்துச் செய்வதால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும். அரை நொடி பின்தங்கியிருக்கும்போது பெயரை மாற்றினால், அந்த அரை நொடியில் நடந்த முன்பதிவுகள் பழைய டேபிளோடு போய்விடும்.

ஆகவே முதலில் எழுத்தை நிறுத்தி, பின்தங்கிய பாக்கியைத் தீர்த்து, அதன் பிறகே மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு `LOCK TABLES` இருக்கிறது. ஆனால் அந்நாளைய மைஎஸ்க்யூஎல்லில் டேபிளைப் பூட்டி வைத்திருக்கும் இணைப்பு, அதே பூட்டோடு `RENAME TABLE` சொல்ல முடியாது. பூட்டை விட்டுவிட்டுச் சொன்னால், விட்ட கணத்தில் காத்திருந்த எழுத்துகள் பழைய டேபிளுக்குள் பாய்ந்துவிடும். 2010-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கருவி, பூட்டுக்குள்ளேயே டேபிள்களின் பெயரை ஒவ்வொன்றாக மாற்றியது. எழுத்து தொலையவில்லை, ஆனால் டேபிளே இல்லாத அந்த இடைவெளி திரும்ப வந்துவிட்டது.

`gh-ost` கண்ட தீர்வு இரண்டு இணைப்புகளை வைத்து ஆடும் ஆட்டம். முதல் இணைப்பு, `_bookings_del` என்ற பெயரில் ஒரு காலி டேபிளைக் கட்டுகிறது. பழைய டேபிள் எந்தப் பெயருக்கு மாறப்போகிறதோ அதே பெயர் அது. பிறகு `bookings`, `_bookings_del` இரண்டையும் பூட்டுகிறது. எழுத வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். `gh-ost` பதிவேட்டில் மிச்சமிருந்த மாற்றங்களைப் புது டேபிளில் செய்து முடிக்கிறது. இப்போது இரண்டாவது இணைப்பு பெயர் மாற்றக் கட்டளையைக் கொடுக்கிறது. பூட்டு இருப்பதால் அதுவும் நிற்கிறது. அது உண்மையிலேயே வரிசையில் நிற்கிறதா என்று பட்டியலைப் பார்த்து உறுதிசெய்த பின், முதல் இணைப்பு அந்தக் காலி டேபிளை நீக்கிவிட்டுப் பூட்டை விடுகிறது. எழுத வந்தவர்கள் முன்னதாகவே வந்து நின்றிருந்தாலும், மைஎஸ்க்யூஎல் பெயர் மாற்றத்துக்கே முதல் வழி விடுகிறது. பெயர் மாறுகிறது. காத்திருந்த எழுத்துகள் எல்லாம் புது டேபிளில் இறங்குகின்றன. ஒருவருக்கும் பிழை வருவதில்லை. ஓரிரு நொடி தாமதம் மட்டும்.

ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரியும் அந்தக் காலி டேபிள் எதற்கு? முதல் இணைப்பு நடுவில் செத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இணைப்பு போனால் பூட்டும் போகும். பெயர் மாற்றம் தானாக நடந்துவிடும், பாக்கி தீர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் `_bookings_del` என்ற டேபிள் அங்கே இருக்கும்வரை, அந்தப் பெயருக்கு மாற்றும் முயற்சி தோற்றுத்தான் ஆக வேண்டும். பெயர் மாற்றம் பிழையோடு நிற்கும், எழுத்துகள் பழைய டேபிளிலேயே தொடரும், `gh-ost` சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும். எந்தக் கட்டத்தில் எது அறுந்தாலும் தரவு தொலையாது. டேட்டாபேஸ் உலகில் இவ்வளவு சிக்கனமான பாதுகாப்பு ஏற்பாடுகள் அரிது.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் தவறலாம் என்பதை அதே கிட்ஹப் காட்டியது. 2021 நவம்பர் 27 அன்று பெரிய டேபிள் ஒன்றின் மாற்றம் கடைசிப் படிக்கு, அதாவது பெயர் மாற்றத்துக்கு வந்தது. கிட்ஹப்பில் எழுத்துகளை ஏற்கும் முதன்மை சர்வர் ஒன்றும், படிப்பதற்கான நகல் சர்வர்கள் பலவும் இருக்கும். முதன்மையில் நடக்கும் பெயர் மாற்றம், பைனரி லாக் வழியாக ஒவ்வொரு நகலிலும் தனித்தனியே நடந்தாக வேண்டும். அன்று நகல் சர்வர்களில் கணிசமானவை அந்தப் படியில் ஒன்றையொன்று எதிர்பார்த்துச் சிக்கிக்கொண்டு விழுந்தன. விழுந்தவற்றின் சுமை மிச்ச சர்வர்கள் மீது ஏறியது. மீண்டு எழுந்த சிலவும் சுமை தாங்காமல் மறுபடி விழுந்தன. தளத்தின் பல சேவைகள் 2 மணி 50 நிமிடம் தடுமாறின. பழுதான நகல்களைப் பயனர் போக்குவரத்திலிருந்து விலக்கி, அவை பெயர் மாற்றத்தைச் செய்து முடிக்கும்வரை விட்டுவைத்துத்தான் கிட்ஹப் மீண்டது. எழுத்துகள் பாதிக்கப்படவில்லை, தரவும் கெடவில்லை என்று நிறுவனம் பின்னர் அறிவித்தது.

அடாமிக் என்ற வாக்கு ஒரு சர்வருக்குள்தான் செல்லும். பத்து நகல் இருந்தால், பத்திலும் ஒரே கணத்தில் பெயர் மாறும் என்று எவரும் வாக்குத் தரவில்லை. முதன்மையில் அறிக்கைக் கேள்வி எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாக மாற்றுபவர், நகலில் ஓடும் அறிக்கையை மறந்துவிடுகிறார். அங்கே பெயர் மாற்றம் நிற்கும். அதன் பின்னால் அந்த நகலுக்கு வர வேண்டிய எல்லா மாற்றங்களும் நிற்கும்.

பெயர் மாறிவிட்டது, தளம் ஓடுகிறது. இனிப் பார்க்க வேண்டியது, யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை. சிலர் பெயரைப் பிடித்திருப்பார்கள், சிலர் டேபிளையே பிடித்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் அனுமதிகள் பெயரைச் சார்ந்தவை. `bookings` என்ற பெயருக்குக் கொடுத்த அனுமதி புது டேபிளுக்கும் செல்லும். ஆனால் ஃபாரின் கீ டேபிளோடு போகும். `payments` என்ற வேறொரு டேபிள் `bookings`-ஐச் சுட்டிக்கொண்டிருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது `bookings_old`-ஐச் சுட்டிக்கொண்டிருக்கும். புது முன்பதிவுக்குப் பணம் கட்டினால், அப்படியொரு முன்பதிவே இல்லை என்று டேட்டாபேஸ் மறுக்கும். இந்தக் காரணத்தால்தான் பெர்கோனா கருவி, ஃபாரின் கீ சுட்டும் டேபிள்களில் தனியாக வழிமுறை கேட்டுவிட்டே கை வைக்கிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு பிரபல டேட்டாபேஸில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. அங்கே ஒரே கட்டளையில் இரண்டு பெயர்களை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு கட்டளைகளையும் ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்தால் அதே பலன் கிடைக்கும்.

```sql
BEGIN;
SET LOCAL lock_timeout = '3s';
ALTER TABLE bookings RENAME TO bookings_old;
ALTER TABLE bookings_new RENAME TO bookings;
COMMIT;
```

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு டேபிளையும் உள்ளே ஓர் எண்ணால் அறிகிறது. பெயர் வெளிப்பார்வைக்கு மட்டும். அதனால் அனுமதிகளும் பழைய டேபிளோடு போய்விடும், புதியதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். மறந்தால் `permission denied` என்று உடனே தெரிந்துவிடும். அதைவிட மோசம் வியூக்கள். `bookings` மீது எழுதிய ஒரு வியூ, மாற்றத்துக்குப் பிறகும் பழைய டேபிளையே படித்துக்கொண்டிருக்கும். பிழை வராது. நேற்றுவரை உள்ள கணக்கை இன்றைய கணக்காகக் காட்டும். பெரும்பாலும் அது வெளிச்சத்துக்கு வருவது பழைய டேபிளை நீக்க முயலும்போதுதான்: இதைச் சார்ந்து ஒரு வியூ இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கும். அப்போது `CASCADE` என்று சேர்த்து நீக்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வியூவையும் சேர்த்து அழித்துவிடும்.

பழைய டேபிளை வைத்திருந்தால், தவறு தெரிந்ததும் பெயரைத் திருப்பி மாற்றிவிடலாம் என்று பலரும் தைரியமாக இருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்கு ஆயுள் குறைவு. பெயர் மாறிய கணத்திலிருந்து புது முன்பதிவுகள் புது டேபிளில் மட்டும் ஏறுகின்றன. ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பினால் அந்த ஒரு மணி நேரப் பயணிகளின் டிக்கெட் கண்ணிலிருந்து மறைந்துவிடும். திரும்பும் வழி வேண்டுமென்றால், மாற்றத்துக்குப் பிறகு புதியதிலிருந்து பழையதற்கு மாற்றங்களைக் கொண்டுபோகும் டிரிக்கர்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே சரிபார்ப்பெல்லாம் பெயர் மாற்றத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டு டேபிள்களிலும் பதிவுகளின் எண்ணிக்கை, மிகப் பெரிய வரிசை எண், தேதிவாரியாகத் தொகைகளின் கூட்டல் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது குறைந்தபட்ச வேலை. எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. சொன்ன அந்த ரத்தான டிக்கெட் எண்ணிக்கையில் தெரியாது, தொகையில்தான் தெரியும்.

பழைய டேபிளை எப்போது நீக்குவது என்பதில் இரண்டு கருவிகளும் வேறுபடுகின்றன. பெர்கோனா கருவி, வேறு சொல்லாவிட்டால் மாற்றம் முடிந்ததும் அதை நீக்கிவிடும். `gh-ost` தானாக நீக்காது. `--ok-to-drop-table` என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் தொடும். இதில் `gh-ost` செய்வதே சரி. வட்டில் இடம் இருந்தால் ஒரு மாதக் கணக்கு முடிந்து, அறிக்கைகள் எல்லாம் ஒருமுறை ஓடிச் சரியாக வரும்வரை பழைய டேபிளை விட்டுவையுங்கள். பெர்கோனா கருவியைப் பயன்படுத்துபவர்கள் `--no-drop-old-table` என்பதைக் கட்டளையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.